வெற்று வரிக்குக் கீழே

எங்கள் கல்லூரியில் தேர்வு முடிவுகளைக் கையால் எழுதும் வழக்கம் ஒழிந்து, ஒரு கணினி நிரலே எழுதும் வழக்கம் வந்ததற்கு நான் ஆற்றிய ஓர் உரையே காரணம். இதை அடக்கமின்றிச் சொல்கிறேன் என்று தோன்றலாம். அன்று அந்த அறையில் இருந்தவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

பொறியியல் கல்லூரியில் கடைசி ஆண்டு. வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் எல்லாம் ஒரே நிபந்தனையுடன்தான் வந்தன: நிலுவைத் தாள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மாணவர் மொழியில் சொன்னால், அரியர் இருக்கக் கூடாது. எனவே எவருக்கு அரியர் உண்டு, எவருக்கு இல்லை என்னும் பட்டியல் வேலைவாய்ப்புப் பிரிவிடம் சரியாக இருக்க வேண்டும். எங்களுக்கு முந்தைய ஆண்டில் அந்தப் பட்டியலைச் சில மாணவர்களே பல்கலைக்கழகத் தளத்தைப் பார்த்துக் கையால் தட்டினார்கள். ஓரிடத்தில் ஒரு வரி தவறிக் கீழே இறங்க, தேறியவர் தேறாதவராகவும் தேறாதவர் தேறியவராகவும் ஆகி, சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் அது வெளிப்பட்டது. தட்டியவன் வேண்டுமென்றே செய்தான் என்று ஒரு சாராரும், தவறிச் செய்தான் என்று மறு சாராரும் அடுத்த ஆண்டு வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சூழலில்தான் கடைசி ஆண்டு மாணவர்களைக் கூட்டி, இந்த முறை பட்டியலை எப்படித் தயாரிப்பது என்று கேட்டார் வேலைவாய்ப்புப் பிரிவின் பொறுப்பாசிரியர். ஐம்பதைத் தாண்டிய மனிதர். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்ற குடும்பத்திலிருந்து வந்தவர். வேலை ஒன்று முடிந்ததும், இதோ ஆயிற்று என்னும் பொருளில், பிரெஞ்சில் 'வொலா' என்று மெல்லச் சொல்லிக்கொள்வார்.

நான் எழுந்து நின்றேன். பள்ளிக் காலம் முதலே மேடைகள் எனக்குப் பழக்கம். எதிரணி எந்த வாக்கியத்தில் மூச்சு வாங்கும் என்று கணித்து அந்த இடத்தில் நுழையப் பயின்றவள் நான். அன்று நான் சொன்னதன் சாரம் இது. கை எழுதினால் அந்தக் கைக்கு ஒரு முகம் இருக்கிறது. முகம் இருந்தால் நட்பு இருக்கிறது, பகை இருக்கிறது, ஐயம் இருக்கிறது. பல்கலைக்கழகப் பக்கத்தை ஒரு நிரல் படிக்கட்டும். படித்ததை அந்த நிரலே பட்டியலில் எழுதட்டும். மனிதக் கை அந்தப் பட்டியலைத் தொடவே கூடாது. அறை கைதட்டியது.

எதிர்த்தவன் ஒருவன்தான். வகுப்பின் வேலைவாய்ப்புப் பிரதிநிதி. வைத்திக்குப்பத்துப் பையன்; அவன் வீட்டார் இன்றும் கடலுக்குப் போகிறவர்கள். பட்டிமன்றம் எதுவானாலும் எனக்கு எதிர் அணியில்தான் நிற்பான். அலங்காரம் இல்லாமல் பேசுவான். ஆனால் பேச்சில் ஒரு முள் இருக்கும்.

"மிஷினே எழுதட்டும், சரி. அது தப்பா எழுதிச்சின்னா திருத்த ஒரு ஆளு வேணும்ல? அந்த ஆளுக்கும் கை இருக்கும்ல?"

தவறைத் திருத்த வேண்டிய இடம் பட்டியல் அன்று, நிரல் என்றேன். மீண்டும் கைதட்டல். தீர்மானம் ஆயிற்று. பொறுப்பாசிரியர் அதை எழுதி, முதல்வரின் கையெழுத்தும் வாங்கி, அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

பேசியவளே செய்ய வேண்டும் என்பதும் அதனோடு சேர்ந்தே தீர்மானம் ஆயிற்று. நானும் பிரதிநிதியும் சேர்ந்து பைத்தான் என்னும் கணினி மொழியில் அந்த நிரலை எழுதினோம்.

வேலை இரு பகுதியாக இருந்தது. முதற்பகுதி, முடிவுகளை எடுப்பது. பல்கலைக்கழகத் தளத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதில் பதிவெண்ணைத் தட்டினால் மதிப்பெண் அட்டவணை வரும். நாங்கள் தட்டுவதற்குப் பதிலாக நிரல் ஒவ்வொரு பதிவெண்ணையும் அனுப்பி, வரும் பக்கத்தைப் பிரித்து, அட்டவணையில் எத்தனை தாள்களுக்கு எதிரே தோல்வி என்று இருக்கிறது என எண்ணும். தளம் திணறக் கூடாது என்பதற்காக ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே சிறிது நேரம் காத்திருக்கச் செய்தோம்.

இரண்டாம் பகுதி, எடுத்ததை எழுதுவது. பட்டியல் இணையத்தில் இருந்த ஒரு விரிதாள், அதாவது ஸ்ப்ரெட்ஷீட். ஆசிரியரும் மாணவரும் அவரவர் இடத்திலிருந்தே பார்க்கலாம் என்பது அன்று எங்களுக்குப் பெரும் புதுமை. அதை உலாவியில் திறந்து கையாலும் தட்டலாம். அல்லது நிரல்களுக்கென்று அந்தச் சேவை வகுத்திருந்த வாசல் வழியாகப் போய், பெயரும் கடவுச்சொல்லும் தந்து உள்நுழைந்து, வரிகளைக் கேட்கலாம், வரி சேர்க்கலாம், இருக்கும் வரியை மாற்றலாம். அந்த வாசலைத்தான் ஏபிஐ என்கிறார்கள்.

வாசலுக்கு அதற்கே உரிய பிடிவாதங்கள் இருந்தன. தாளின் முதல் வரியில் இருப்பவைதாம் பத்திகளின் பெயர்கள். நாங்கள் 'Reg No' என்று பெரிய எழுத்தும் இடைவெளியுமாகத் தலைப்பிட்டிருந்தோம். நிரலிலும் அப்படியே எழுதியபோது வாசல் எங்களைத் திருப்பி அனுப்பியது. எழுத்தையெல்லாம் சிறிதாக்கி, இடைவெளியை நீக்கி, 'regno' என்றால்தான் அதற்குத் தெரியும். அரியர் எண்ணிக்கையை எண்ணாகவே கொடுத்தாலும் நிரல் பாதியில் நின்றது. சரமாக, அதாவது வெறும் எழுத்தாக, மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. இவற்றை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு, பதிவெண் வரிசையில் வகுப்பு முழுவதையும் ஒவ்வொரு வரியாகச் சேர்த்தோம். ஒரு வரிக்கு ஒரு முறை இணையத்தைத் தாண்டிப் போய் வர வேண்டும் என்பதால் அது மெதுவாகவே நிரம்பியது. திரையில் வரிகள் தாமாக வந்து உட்காருவதைப் பொறுப்பாசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

தாளில் எழுதும் உரிமை வேலைவாய்ப்புப் பிரிவின் கணக்குக்கு மட்டுமே இருந்தது. மற்றவர்கள் பார்க்கலாம், அவ்வளவே. நிரல் ஓடும்போது கடவுச்சொல்லைக் கேட்கும். அதை ஆசிரியரே வந்து தட்டுவார். நிரலை எழுதிய எங்கள் இருவருக்கும் அது தெரியாது. இதுவும் என் உரையின் விளைவுதான்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து முதலாண்டில் சேர்ந்தவள் அல்ல. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவள். லேட்டரல் என்பார்கள். எங்கள் பதிவெண்கள் தனி வரிசையில் வரும். வருகைப் பதிவேட்டில் மற்ற எல்லாப் பெயரும் முடிந்த பிறகு, ஒரு வரி விட்டு, எங்கள் பெயர்களை எழுதுவார்கள். எல்லாத் துறையிலும் அதுவே வழக்கம். அவசரமாக வரும் ஆசிரியர் சிலர் அந்த விட்ட வரியோடு பதிவேட்டை மூடிவிடுவதும் உண்டு. "சார், லேட்டரல்" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கொடுப்போம்; திறந்து கூப்பிடுவார்கள். அதில் எவருக்கும் மனத்தாங்கல் இருந்ததில்லை.

விரிதாள் நிரம்பிய மறுநாள், அதை அச்செடுத்துப் பலகையில் ஒட்டுவதற்கு முன், பொறுப்பாசிரியர் பார்வைக்கு வசதியாக இருக்கட்டும் என்று லேட்டரல் மாணவர்களுக்கு மேலே ஒரு வெற்று வரியைச் செருகினார். முடிவு எதையும் அவர் தொடவில்லை; எனவே தீர்மானத்தை மீறியதாக அவருக்கோ எங்களுக்கோ தோன்றவில்லை. "வொலா. இப்பப் படிக்க நல்லாருக்கு" என்றார். நல்லாத்தான் இருந்தது.

ஆறாம் பருவத் தேர்வில் எனக்கு ஒரு தாள் போயிருந்தது. கம்பைலர் டிசைன். எழுதிவிட்டு வந்தபோது தேறுவேன் என்று நம்பியிருந்ததால், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன். என் பெயருக்கு எதிரே அரியர் பத்தியில் ஒன்று என்று நிற்பதை அந்த நாள்களில் கல்லூரியே பார்த்தது. மேடையில் நிற்கிறவளுக்கு அந்த ஒன்று எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று சொல்லத் தேவையில்லை. பிரதிநிதி சும்மா இருப்பானா? கம்பைலர் உன் பேச்சைக் கேட்டு மயங்கவில்லையே என்பான்.

மறுமதிப்பீட்டு முடிவுகள் ஒரே நாளில் வரவில்லை. சிறிது சிறிதாகத் தளத்தில் ஏறின. ஆகவே ஒவ்வொரு நாள் காலையிலும் பிரதிநிதி நிரலை ஓட்டுவான். இப்போது அது புதிய வரிகளைச் சேர்க்காது. விரிதாளில் உள்ள வரிகளை வாசல் வழியாகக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரியின் பதிவெண்ணையும் கொண்டு தளத்தில் பார்த்து, எண்ணிக்கை மாறியிருந்தால் அந்த வரியை மட்டும் மாற்றி எழுதும். மாறிய பதிவெண்களை மட்டும் திரையில் அச்சிடும். முடிந்ததும் 'done' என்று ஒரு சொல்.

எங்கள் வகுப்புக்கு வர வேண்டிய நிறுவனங்களில் நான் மனத்தில் வைத்திருந்தது ஒன்றே. அதன் நேர்காணலுக்கான பட்டியலை வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். வியாழன் மாலை முதலியார்பேட்டையில் எங்கள் தெரு முனையிலிருந்த பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து என் பதிவெண்ணைத் தட்டினேன். கம்பைலர் டிசைனுக்கு எதிரே தேர்ச்சி என்று இருந்தது. பக்கத்தை மறுபடி திறந்தேன், அப்போதும் தேர்ச்சி. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்து முழுவதையும் கேட்டார். அப்புறம் மறுபடி கூட்டிவைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை நிரல் ஓடி முடிந்தபின் விரிதாளைப் பார்த்தேன். என் பெயருக்கு எதிரே ஒன்று என்றே இருந்தது.

வேலைவாய்ப்பு அறைக்குப் போனேன். பிரதிநிதி கணினி முன் இருந்தான்; ஆசிரியர் அடுத்த மேசையில் விண்ணப்பங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பிரதிநிதி தளத்தைத் திறந்து என் எண்ணைப் போட்டுப் பார்த்தான். தேர்ச்சி. விரிதாளைப் பார்த்தான். ஒன்று.

"உன் ஸ்கிரிப்ட்டே உன்ன பாஸ் போட மாட்டுதே பேச்சாளரே."

ஆசிரியர் எழுந்து வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எந்த ஐயமும் எழவில்லை. கண் முன்னால் பல்கலைக்கழகமே சொல்கிறது. பிரதிநிதியைச் சற்று நகரச் சொல்லிவிட்டு மவுஸைக் கையில் எடுத்தார். "இதுக்குப் போயா இவ்ளோ நேரம்? ஒண்ண எடுத்துட்டு சைபர் போட்டா முடிஞ்சிது" என்றார். அம்பு என் வரியில் போய் நின்றது.

நான் வேண்டாம் என்றேன்.

அந்த ஒரு சொல்லை நான் எப்படிச் சொன்னேன் என்பது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. நேர்மையின் சிகரத்தில் நின்றுகொண்டு சொல்லவில்லை. அந்த வரி திருத்தப்பட வேண்டும் என்று அறையில் எவரைவிடவும் நான்தான் விரும்பினேன். ஆனால் பலகையில் ஒட்டியிருந்த தீர்மானம் என் வாக்கியங்களால் ஆனது. நிரலை எழுதியவள் நான். முதன்முதலாகக் கையால் திருத்தப்படும் வரி என் வரியாக இருந்தால், அடுத்த நாள் கடைசி ஆண்டு முழுவதும் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பேச்சை நானே எதிரணியிலிருந்து எத்தனை அழகாகப் பேசியிருப்பேன் என்றும் தெரியும். அதைக் கேட்டுத் தலை தாழ்ந்து நிற்க எனக்கு மனமில்லை.

ஆசிரியர் மவுஸை விடவில்லை. "நாலு மணிக்கு லிஸ்ட் போயிடும்மா. இதுல வரலன்னா நீ இல்ல. தெரியுதுல்ல?"

தெரியும் என்றேன். தவறு நிரலில் இருந்தால் நிரலைத் திருத்துவோம், நிரலே எழுதட்டும் என்றேன். அதைத் தொடர்ந்து கொள்கை பற்றி இன்னும் சில வாக்கியங்கள் என் நாவில் வரிசையாக வந்து நின்றன. ஆசிரியர் கையை உயர்த்தி, இது மேடை இல்லை, தவறு எங்கே என்று பாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

பிரதிநிதி நாற்காலியை எனக்குத் தந்தான். நான் உட்காரவில்லை. விசைப்பலகையை நான் தொட்டால் அதுவும் என் கைதான். நீயே தட்டு, நான் பார்க்கிறேன் என்று அவன் பின்னால் நின்றேன்.

முதலில், நிரல் என் பக்கத்தைச் சரியாகப் படிக்கிறதா என்று பார்த்தோம். என் பதிவெண்ணை மட்டும் கொடுத்து, முதற்பகுதியை மட்டும் ஓட்டச் சொன்னேன். திரையில் சுழியம் என்று வந்தது. ஆக, படிப்பதில் பிழை இல்லை. நிரலுக்கு நான் தேறியது தெரிகிறது.

அப்படியானால் எழுதுவதில் பிழை. வாசல் என்னைத் திருப்பி அனுப்பியதா? அப்படித் திருப்பினால் நிரல் பிழைச் செய்தியோடு நின்றிருக்க வேண்டும். அது எந்தக் குறையும் சொல்லாமல் 'done' என்று முடித்திருந்தது. காலையில் மாறியதாக அச்சிட்ட எண்களைப் பார்த்தோம். வகுப்பில் வேறு சிலருடைய எண்கள் இருந்தன. அவர்கள் வரிகள் சரியாக மாறியும் இருந்தன. எழுதத் தெரிந்த நிரல் எனக்கு மட்டும் ஏன் எழுதவில்லை?

பிரதிநிதி நிரலின் வரிகளை மேலிருந்து வாசித்துக்கொண்டு வந்தான். அவனுக்கு அது பழக்கம்; வாய் திறந்து வாசித்தால்தான் மூளைக்குப் போகும் என்பான். கடவுச்சொல் வாங்குகிறது, உள்ளே போகிறது, வரிகளைக் கேட்கிறது, ஒவ்வொரு வரிக்கும் என்று சுற்றுகிறது. அந்த இடத்தில் நிறுத்தினான்.

"ஒவ்வொரு வரின்னு போட்டுருக்கோம். அது எத்தினி வரி குடுக்குதுன்னு பாத்தோமா?"

பார்த்ததில்லை. விரிதாளில் இருப்பதெல்லாம் வரும் என்று எடுத்துக்கொண்டிருந்தோம். சுற்றுக்கு மேலே, வந்த வரிகளின் எண்ணிக்கையை அச்சிடும்படி ஒரு வரியும், கடைசியாக வந்த வரியின் பதிவெண்ணை அச்சிடும்படி இன்னொரு வரியும் சேர்த்தான். ஆசிரியர் வந்து கடவுச்சொல்லைத் தட்டினார். நாங்கள் வழக்கம்போல் சுவரைப் பார்த்தோம்.

எண்ணிக்கை வகுப்பின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தது. கடைசியாக வந்த பதிவெண், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்தவர்களில் கடைசி மாணவனுடையது.

விரிதாளை உலாவியில் திறந்து அந்த மாணவனின் வரிக்கு இறங்கினான் பிரதிநிதி. அதன் கீழே ஒரு வெற்று வரி. அதன் கீழே நாங்கள்.

ஏபிஐயின் உதவிப் பக்கத்தை அப்போதுதான் முழுவதுமாகப் படித்தோம். அதில் தெளிவாகவே எழுதியிருந்தது: வரி வரியாகக் கேட்டால், தலைப்புக்கு அடுத்த வரியிலிருந்து முதல் வெற்று வரி வரை உள்ளதையே அது தரும். வெற்று வரியைக் கண்டால் பட்டியல் முடிந்தது என்று கொள்ளும். கீழே எவர் இருந்தாலும் அதற்குத் தெரியாது. தெரியாததைத் தவறென்று சொல்லவும் அதற்கு வழி இல்லை.

அந்த வெற்று வரி செருகப்பட்ட நாளிலிருந்து லேட்டரல் மாணவர் ஒருவரைக்கூட எங்கள் நிரல் பார்த்திருக்கவில்லை. முதலில் எழுதிய முடிவே எங்கள் எல்லோருக்கும் அப்படியே நின்றது. எங்களில் பெரும்பாலோருக்கு மாற வேண்டியது எதுவும் இல்லாததால் எவருக்கும் தெரியவில்லை.

ஆசிரியர் திரைக்கு அருகே குனிந்து அந்த வெற்று வரியை நீண்ட நேரம் பார்த்தார். "அட்டெண்டன்ஸ்ல முப்பது வருஷமா இப்படித்தானே விட்டுட்டு வரேன்" என்றார். எவரிடமும் சொன்னது போல இல்லை.

செய்ய வேண்டியது எளியது. அந்த வெற்று வரியை நீக்க வேண்டும். அதை அவரே நீக்கினார். வெற்று வரியை நீக்குவது முடிவைத் தொடுவது ஆகாதுதானே என்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டுக்கொண்ட பிறகே நீக்கினார். நான் தலையசைத்தேன். அச்சில் பிரித்துக் காட்ட வேண்டுமானால் லேட்டரல் வரிகளுக்கு மெல்லிய நிறம் பூசலாம் என்றான் பிரதிநிதி. நிறம் நிரலின் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்றும் செய்யச் சொன்னேன்: வாசல் தரும் வரிகளின் எண்ணிக்கை எங்கள் கையிலுள்ள பதிவெண் பட்டியலின் எண்ணிக்கையோடு ஒத்துவராவிட்டால், நிரல் எதையும் எழுதாமல் நின்று, காரணத்தைச் சொல்ல வேண்டும். அவன் தட்டினான். இரண்டே வரிகள்தாம்.

அதற்குள் மின்சாரம் போய்வந்தது. இணையம் திரும்பி வரும் வரை மூவரும் காத்திருந்தோம். மணி மூன்றைக் கடந்திருந்தது. ஆசிரியர் ஒரு முறை என்னைப் பார்த்தார். கையால் போட்டுவிடட்டுமா என்று கேட்கத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். கேட்டிருந்தால் இரண்டாம் முறையும் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று மேடையில் என்னால் நிறுவ முடியும். அந்த அறையில் எனக்கு உறுதியில்லை. அவர் கேட்கவில்லை.

இணையம் வந்தது. நிரல் வரிகளைக் கேட்டது. இந்த முறை எண்ணிக்கை ஒத்துவந்தது. தளத்தில் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துக்கொண்டே போனது. மற்ற மாணவர்கள் எல்லோரையும் காலையிலேயே பார்த்துவிட்டதால், திரை நெடுநேரம் வெறுமையாகவே இருந்தது. பிறகு என் பதிவெண் வந்தது.

பிரதிநிதி உலாவியைத் திருப்பி விரிதாளைக் காட்டினான். என் பெயருக்கு எதிரே சுழியம். அவன் கைதட்டவில்லை, கிண்டலும் செய்யவில்லை. நாற்காலியைச் சற்று நகர்த்தி எனக்கு இடம் விட்டான். நான் பார்த்தேன். அதற்குள் திரையில் நிரல் இன்னும் இரண்டு எண்களை அச்சிட்டிருந்தது.

அந்த இரண்டும் லேட்டரல் எண்கள்தாம். மறுமதிப்பீட்டில் தேறியிருந்தார்கள். அவர்களுள் ஒருத்தி விடுதியில் இருந்தாள். ஆளனுப்பி அழைத்தோம், ஓடி வந்து விண்ணப்பத்தில் கையெழுத்திட்டுப் போனாள். இன்னொருவன் நோணாங்குப்பத்துக்காரன். அவன் வீட்டார் விவசாயம் செய்கிறவர்கள். வகுப்பில் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்காருவான். அன்று கல்லூரிக்கே வந்திருக்கவில்லை.

ஆசிரியர் தன் கைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினார். பேச்சாளர் நீயே பேசு என்றார். எண்ணை அழுத்தினேன். அவன் எடுத்ததும், நாளைக் காலை வந்து விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும், பெயரை இப்போதே பட்டியலில் சேர்க்கிறோம் என்று சொல்லத் தொடங்கினேன். எதற்கு என்று கேட்டான். அந்த நிறுவனத்துக்கு என்றேன்.

"எனக்குத்தான் அரியர் நிக்குதே. டெய்லி ஷீட்டப் பாத்துட்டுதான் இருக்கேன். ஒண்ணுனே இருக்குது. அதான் இன்னிக்கு வரல."

தளத்தில் போய்ப் பார்த்தாயா என்று கேட்டேன். ஷீட் இருக்கும்போது அது எதற்கு என்றான். நான் விளக்க முற்பட்டேன். வாசல் என்றேன், வெற்று வரி என்றேன், அது எங்களை அடையவே இல்லை என்றேன். வாழ்க்கையில் நான் ஆற்றிய உரைகளில் அவ்வளவு தெளிவாகக் கட்டப்பட்டது வேறு இல்லை என்று இன்றும் கருதுகிறேன். மறுமுனையில் மாடு ஒன்றை அதட்டும் குரல் கேட்டது. பிறகு மீண்டும் அவன் குரல்.

"அதெல்லாம் இருக்கட்டும். இப்ப ஷீட்ல மாறிடுச்சா?"

திரையைப் பார்த்தேன்.

"மாறிடுச்சு" என்றேன்.

"அப்ப வரேன்."

ஆசிரியர் லேட்டரல் மாணவர்களான எங்கள் மூவரின் பெயரையும் சேர்த்துப் பட்டியலை இணைத்து மின்னஞ்சலை அனுப்பினார். நான்கு ஆக இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. பிரதிநிதி கணினியை அணைத்து, அறையைப் பூட்டி, சாவியை அவரிடம் கொடுத்தான். திங்கட்கிழமை காலை நிரலை ஓட்டும்போது நானும் வர வேண்டும் என்றான். எதற்கு என்று கேட்டேன். எண்ணிக்கை ஒத்துவராமல் அது நின்றால், காரணம் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றான்.

பேருந்து நிறுத்தம் வரை அதைப் பற்றியே வாதிட்டுக்கொண்டு நடந்தோம்.